வாயோரம் வெந்துபோனால்

வாயோரப் புண்ணைப் படம் பிடித்து, "இது ஹெர்ப்பீஸா, சத்துக் குறைவா, பூஞ்சையா?" என்று வாட்ஸ்அப்பில் மருத்துவரைக் கேட்பது இப்போது சகஜம். படத்தைப் பார்த்ததும் சொல்லிவிடக்கூடியது கொஞ்சம் உண்டு. எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாதது அதைவிட அதிகம்.

மூன்றில் எளிதாகப் பிரிந்து நிற்பது ஹெர்ப்பீஸ். காய்ச்சல் விட்டபின் உதட்டில் வருவதை 'சூட்டுக் கொப்புளம்' என்போமே, அதுதான். பெரும்பாலும் சிறுவயதிலேயே எச்சில் வழியாகத் தொற்றும் இந்த வைரஸ், முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், மன உளைச்சல் என ஏதாவது ஒன்று எழுப்பிவிட்டால் அதே நரம்பு வழியே இறங்கி, பெரும்பாலும் பழைய இடத்துக்கே வரும். அதனால் பொதுவாக ஒரு பக்கம் மட்டுமே பாதிக்கப்படும். முதல் நாள் வெறும் குறுகுறுப்பும் எரிச்சலும். பிறகு உதடும் தோலும் சேரும் கோட்டில் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து பொருக்குக் கட்டி, ஏழு முதல் பத்து நாளில் ஆறிவிடும். உடைந்தபின் எடுத்த படம்தான் ஏமாற்றும். அப்போது "முந்தாநாள் எப்படி இருந்தது?" என்று கேட்பதே நல்லது. அசைக்ளோவிர் மருந்தும் குறுகுறுப்பு தொடங்கிய ஒரு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் உருப்படியாகப் பயன்படும்.

கடைவாய் வெடிப்பு வேறு கதை. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பத்தாண்டுகளாக முழுப் பல்செட். வாயின் இரு ஓரமும் ஊறி வெளுத்து, நடுவில் சிவந்த கீறல். வாயைத் திறந்தால் வலி. ஐந்து வாரமாகப் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டும் ஆறவில்லை. ஐந்து வாரம், இரண்டு பக்கம், கொப்புளமே இல்லை என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஹெர்ப்பீஸ் கழிந்துவிடுகிறது. மிச்சம் இரண்டில் எது?

சத்து மாத்திரையை நாடியதில் அவர் மேல் தவறில்லை. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் செப்ரெல், பட்லர் இருவரும் 1938-இல், பி2 வைட்டமின் குறைந்த உணவை உண்டவர்களுக்குக் கடைவாய் வெடிப்பதையும், அந்த வைட்டமினைக் கொடுத்ததும் ஆறுவதையும் காட்டினார்கள். இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் இதே வெடிப்பு வரும். ஆனால் வெடிப்பின் தோற்றத்தை வைத்து இது சத்துக் குறைவு, இது பூஞ்சை என்று பிரிக்க முடியாது. பல நேரம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சத்துக் குறைந்த தோல் எளிதில் கீறும். கீறலில் எச்சில் தேங்கும். அந்த ஈரத்தில் வாயிலேயே குடியிருக்கும் கேண்டிடா பூஞ்சை வளரும். சில சமயம் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். மஞ்சள் பொருக்கு கட்டினால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே விடையைப் புண்ணுக்கு வெளியேதான் தேட வேண்டும். நாக்கு முள்முள்ளாக இல்லாமல் வழவழவென்று இருந்தால் இரும்பு அல்லது பி12 குறைவை நினைக்கலாம். அந்தப் பெண்மணி பல்செட்டைக் கழற்றியபோது, மேலண்ணத்தில் அது பதியும் இடம் மட்டும் அதே வடிவத்தில் சிவந்திருந்தது என்று வையுங்கள். அது பூஞ்சையின் கையெழுத்து. செட் தேய்ந்துபோனதால் தாடைகள் அளவுக்கு மீறி நெருங்கி, கடைவாயில் மடிப்பு விழுந்து எச்சில் வழிகிறது. மாத்திரையால் மடிப்பை நிமிர்த்த முடியுமா?

இவருக்குத் தேவை க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்பு, செட்டுக்கடியில் உள்ள தொற்றுக்கும் மருந்து, இரவில் செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவி வைக்கும் பழக்கம், கடைசியில் உயரம் சரியான புதிய செட். கூடவே ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சர்க்கரை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வாய்க்கான மைக்கோனசோல் ஜெல்லைத் தாமாக வாங்கிப் பூசக் கூடாது. ரத்தக்கசிவு அபாயம் கூடும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை எவருமே தொட வேண்டாம். சிவப்பு இரண்டு நாள் அடங்கும், அடியில் பூஞ்சையோ வைரஸோ பெருகும்.

கொப்புளம் இருக்கும்போது கைக்குழந்தையை முத்தமிடாதீர்கள், அதைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். புகையிலையோ பாக்கோ போடுபவருக்கு ஒரே பக்கத்தில் மூன்று வாரமாக ஆறாத, தடித்த புண் இருந்தால் படம் எடுத்து அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். நேரில் போய்க் காட்டுங்கள். புற்றுநோயா என்று சதைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும்.