காரின் முள்ளும் சராசரி மதிப்புத் தேற்றமும்

மும்பை - புணே விரைவுச் சாலையில் ஒரு கார் போவதாக வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. இடைவெளியில் இரண்டு கேமராக்கள். முதல் கேமராவைத் தாண்டிய 25 நிமிடத்தில் இரண்டாவதையும் கார் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 120 கி.மீ. "நான் நூறைத் தாண்டவே இல்லையே!" என்று ஓட்டியவர் சாதித்தால் நம்ப முடியுமா? முடியாது. வழி முழுக்க 120-க்குக் கீழேயே ஓட்டியிருந்தால் 25 நிமிடத்தில் 50 கி.மீ. வந்திருக்காது. முழுக்க அதற்கு மேலேயே ஓட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பார். ஆகவே ஏதோ ஒரு நொடியில் முள் சரியாக 120-இல் நின்றிருக்க வேண்டும்.

லக்ராஞ்சி பெயரால் வழங்கும் சராசரி மதிப்புத் தேற்றம் இதைத்தான் சொல்கிறது. நம் பிள்ளைகள் 'மீன் வேல்யூ தியரம்' என்று படிப்பதும் இதுவே. தூரம் s(t) என்றால், அதன் வகைக்கெழு s′(t) அந்தக் கணத்து வேகம். a, b என்ற இரு நேரங்களுக்கு நடுவே ஒரு c கட்டாயம் உண்டு:

s′(c) = [s(b) − s(a)] / (b − a)

ஒரு முப்படிக் கோவையில் சரிபார்ப்போம். t மணி நேரத்தில் கார் கடக்கும் தூரம்

s(t) = 90t² − 30t³

கி.மீ. என்க. 2 மணி நேரத்தில் 360 − 240 = 120 கி.மீ.; சராசரி 60. வேகம் s′(t) = 180t − 90t². t = 0-இலும் t = 2-இலும் இது பூஜ்யம்; அதாவது நின்ற கார் கிளம்பி, மறுபடி நிற்கிறது. வேகம் 60 ஆவது எப்போது?

180t − 90t² = 60
3t² − 6t + 2 = 0
t = 1 ± 1/√3

ஏறத்தாழ 0.423, 1.577 மணி. கிளம்பிய 25-ஆம் நிமிடத்தில் ஒருமுறை, 95-ஆம் நிமிடத்தை ஒட்டி இன்னொருமுறை. 'ஒரு c உண்டு' என்றால் ஒன்றே ஒன்று என்று பொருளில்லை. நடுநேரத்தில்தான் சராசரி வேகம் வரும் என்று பலர் நினைப்பதுண்டு. இங்கே சரியாக ஒரு மணி முடிவில் முள் காட்டுவது 90!

இதையே திருப்பிப் போடக் கூடாது. நம் காரின் சராசரி 60 மட்டுமே, ஆனால் 90 வரை போய்வந்திருக்கிறது. வரம்பு 80 என்று இருந்தால், சராசரியை மட்டும் பார்க்கும் போலீசாரிடம் இவர் மாட்டவே மாட்டார்.

ஒரு நிபந்தனையும் உண்டு. தூரத்தின் வரைபடம் அறுபடாமல், நடுவில் எங்கும் முனை ஒடியாமல் போக வேண்டும். ஒரு மணி நேரம் 40-இல் ஓடி, அந்தக் கணமே 80-க்குத் தாவி இன்னொரு மணி ஓடினால் சராசரி 60 வரும். ஆனால் முள் 60-ஐத் தொடவே இல்லை. தாவும் இடத்தில் வரைபடம் ஒடிகிறது, அங்கே வகைக்கெழு கிடையாது. தாளில் இப்படி ஒரு காரை வரையலாம். நிஜக் காரால் அப்படித் தாவ முடியாது. 40-லிருந்து 80-க்கு ஏறும்போது 60-ஐத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.