ஸ்கோரைப் பார், சர்வீஸ் யாருக்கென்று தெரியும்

மதுராந்தகம் பகுதியில் ஷட்டில் விளையாட்டுக்கு முன்னோடியைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை மதுராந்தகம் எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அந்தக் காஞ்சிபுரத்துக்காரர் துளசிமதி முருகேசன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஒற்றையர் வெள்ளி வென்றவர். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்ஜோ ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் மானசி ஜோஷியுடன் இரட்டையரிலும் வெள்ளி வென்றார்.

நம் ஊர்க் கோர்ட்டுகளில் புதிதாக விளையாட வருபவர்கள் பெரும்பாலும் நேராக இரட்டையர் ஆட்டத்தில்தான் சேர்கிறார்கள். ஆடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு கேள்வி எழும்: அடுத்த சர்வீஸ் யாருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து? இதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. விடை ஸ்கோரிலேயே இருக்கிறது.

பாயிண்ட் கணக்கு

சர்வீஸ் யாருடையதாக இருந்தாலும், ரேலியை வெல்லும் அணிக்கு ஒரு பாயிண்ட். 2006 முதல் உலகப் போட்டிகளில் வந்த முறை இது. 21 எடுத்தால் ஒரு கேம். மூன்றில் இரண்டு கேம் வென்றால் ஆட்டம். 20–20 ஆகிவிட்டால் இரண்டு பாயிண்ட் முன்னிலை வேண்டும். அதுவும் கிடைக்காமல் 29–29 வரை போனால், 30ஆவது பாயிண்ட் எடுப்பவருக்கே கேம்.

2022 தாமஸ் கோப்பை இறுதிப் போட்டியில் சாத்விக்சாய்ராஜ், சிராக் ஷெட்டி இணை இந்தோனேசிய இணையை 18–21, 23–21, 21–19 என வென்றது. இரண்டாவது கேம் 21இல் முடியாமல் 23 வரை நீண்டதற்கு இந்த விதிதான் காரணம்.

எந்தப் பக்கம், யார்?

சர்வீஸ் போடும் அணியின் ஸ்கோர் இரட்டைப்படை என்றால் வலப்பக்கக் கட்டத்திலிருந்து போட வேண்டும். ஒற்றைப்படை என்றால் இடப்பக்கத்திலிருந்து. பூஜ்யம் இரட்டைப்படைக் கணக்கில் சேரும். ஷட்டில் எதிரணியின் குறுக்குக் கட்டத்துக்குப் போக வேண்டும்.

அ, ஆ ஓர் அணி. க, ச எதிரணி என்று வைத்துக்கொள்வோம். 0–0இல் வலப்பக்கம் நிற்பவர்கள் அ, க. அ சர்வீஸ் போடுகிறார், க எடுக்கிறார். ரேலியை அ–ஆ வென்றால் 1–0. மறுபடியும் அ-தான் போடுவார், ஆனால் இடப்பக்கம் மாறிக்கொண்டு ச-வுக்குப் போடுவார். ஆ வலப்பக்கம் வந்துவிடுவார்.

அடுத்த ரேலியை க–ச வென்றால் 1–1; சர்வீஸ் அவர்களுக்குப் போகிறது. இப்போது நால்வரில் யாரும் இடம் மாறக் கூடாது. க–ச அணியின் ஸ்கோர் ஒன்று, ஒற்றைப்படை. ஆகவே இடப்பக்கம் நிற்கும் ச போடுகிறார். குறுக்கே நிற்கும் அ எடுக்கிறார். அதையும் க–ச வென்றால் 2–1. ச வலப்பக்கம் மாறி ஆ-வுக்குப் போடுவார். அந்த ரேலியில் தோற்றால் 2–2. அ–ஆ அணியின் ஸ்கோர் இரட்டைப்படை, வலப்பக்கம் நிற்பவர் ஆ. அவர்தான் போட வேண்டும்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தன் சர்வீஸில் பாயிண்ட் எடுக்கும் அணி மட்டுமே இடம் மாறும். பாயிண்டோடு சர்வீஸையும் பிடித்த உற்சாகத்தில் இடம் மாறிக்கொள்வதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு.

கட்டத்தின் எல்லை

இரட்டையர் சர்வீஸ் கட்டம் அகலம் கூடியது, நீளம் குறைந்தது. பக்கவாட்டில் வெளிக்கோடு வரை செல்லும். முன்னால் நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள கோட்டைத் தாண்ட வேண்டும். பின்னால், கடைசிக் கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் முன்பே கட்டம் முடிந்துவிடும். அந்தப் பின்பட்டையில் சர்வீஸ் விழுந்தால் அவுட். ரேலி தொடங்கிய பிறகு அதே பட்டையில் விழுந்தால் உள்ளே. கோட்டில் பட்டால் எப்போதும் உள்ளேதான்.

ஃபால்ட் எவை?

சர்வீஸ் அடிக்கும் நொடியில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். அளவுகோல் இல்லாத இடங்களில் பழைய விதிப்படி கடைசி விலா எலும்புக்குக் கீழே என்று பார்த்துக்கொள்ளலாம். போடுபவர், எடுப்பவர் இருவரின் கால்களும் கோட்டை மிதிக்காமல் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். போடுபவர் ராக்கெட்டை வீசி அது ஷட்டிலில் படாமல் போனாலும் ஃபால்ட். சர்வீஸை எடுக்க வேண்டியவருக்குப் பதில் அவருடைய ஜோடி தொட்டாலும் அப்படியே. ஆனால் சர்வீஸ் நெட்டில் உரசினாலும் சரியான கட்டத்தில் விழுந்தால் அது நல்ல சர்வீஸ்.

ரேலியில் ராக்கெட்டோ உடலோ நெட்டைத் தொடுவது, ஷட்டில் உடலில் படுவது, ஜோடி இருவரும் அடுத்தடுத்து அடிப்பது எல்லாம் ஃபால்ட். ஷட்டில் நெட்டைத் தாண்டி வருமுன் எதிர்ப்பக்கம் கை நீட்டி அடிக்கவும் கூடாது. தன் பக்கத்தில் அடித்த வேகத்தில் ராக்கெட் நெட்டுக்கு மேல் அந்தப் பக்கம் போவது தவறில்லை.

தவறான பக்கத்திலிருந்து சர்வீஸ் போட்டது பிறகு தெரிந்தால் ஃபால்ட் கிடையாது. பாயிண்டைப் பறிக்கவும் முடியாது. தெரிந்த நேரத்தில் நிற்கும் இடங்களைச் சரிசெய்துகொண்டு, அதுவரை வந்த ஸ்கோரிலிருந்தே ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்பதே விதி.