துணைவேந்தருக்கு ஒரு விடுப்புக் கடிதம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று நம்மூர் இயற்பியல் விரிவுரையாளரை ஆறு மாத ஆய்வுக்கு அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் துணைவேந்தருக்கு எழுதும் கடிதம் துறைத்தலைவர், பதிவாளர் வழியாகவே போக வேண்டும். நேரே நீட்டினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

பலர் ஆய்வின் பெருமையை இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். அலுவலகம் தேடுவது வேறு: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வகை விடுப்பு, சம்பளம் உண்டா, செலவு யாருடையது, வகுப்புகளை யார் எடுப்பார்.

சிக்கல் தேதியில்தான். ஜே-1 விசாவுக்கு அழைக்கும் பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 என்ற படிவம் அனுப்பும். அதில் ஆய்வு செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 28 வரை என்றிருந்தால், விடுப்பையும் அப்படியே கேட்டுவிடுகிறார்கள். பயண நாட்கள் விடுபட்டு, அனுமதியின்றி வராத நாட்களாகிவிடலாம். படிவத் தேதிக்கு 30 நாள் முன்பே அந்நாட்டில் நுழையலாம் என்பதால், ஆகஸ்ட் 25 முதல் மார்ச் 5 வரை கேட்பது நல்லது.

வகுப்புகளை ஏற்கும் சக ஆசிரியரின் ஒப்புதல் கையெழுத்தையும் அழைப்புக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள். ஆணை கைக்கு வரும்முன் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.