சுயவிபரக் கோவையில் மூன்று தவறுகள்



நயினாதீவிலோ நெடுந்தீவிலோ இருப்பவர் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமானால் முதலில் வள்ளம் ஏறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவேண்டும். அங்கிருந்து பஸ் பிடித்துப் புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணம் போகவேண்டும். "பிறந்த திகதி பொருந்தவில்லை, திருத்திக்கொண்டு வாருங்கள்" என்று ஓர் அலுவலகம் சொல்லிவிட்டால் ஒரு நாளும் போக்குவரத்துச் செலவும் வீணாகிவிடும். அதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதியும் கடந்துவிடலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டு பிறந்த ஒரு சகோதரி முன்பள்ளி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அரபுக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். முன்பு ஒரு முன்பள்ளியில் கற்பித்தவர். இப்போது குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறார். தகுதியில் குறைவில்லை. ஆனால் அவருடைய சுயவிபரக் கோவையில் இப்படி எழுதியிருக்கிறது:

"2.3.2019 – 31/5/21 முன்பள்ளியில் கற்ப்பிக்கிறேன். பயிற்ச்சி முடித்துள்ளேன். 2021 ஆவணி தொடக்கம் இவர் மத்ரஸாவில் பணியாற்றினார்."

இந்த மூன்று சிறு வாக்கியங்களுக்குள் எழுத்து, காலம், திகதி ஆகிய மூன்று வகைத் தவறுகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்து

சுயவிபரக் கோவையில் அடிக்கடி பிழைபடும் சொற்கள் பயிற்சி, முயற்சி, கற்பித்தல், தேர்ச்சி என்பவைதான். இதற்கு ஒரு சிறு விதி உண்டு. 'ற்' என்னும் எழுத்துக்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே பயிற்சி, முயற்சி, கற்பித்தேன் என்பனவே சரி. பயிற்ச்சி, கற்ப்பித்தேன் என்பன பிழை. 'ர்' அப்படியல்ல, அதன் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வரலாம். எனவே தேர்ச்சி, வளர்ச்சி என்று எழுதுவது சரி. இந்த இரண்டு எழுத்தின் வேற்றுமையை மனதில் வைத்தால் பாதிப் பிழைகள் நீங்கிவிடும்.

ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். ஊர்காவற்றுறை என்பதைச் சிலர் ஊர்காவற்துறை என்றும், நயினாதீவைச் சிலர் நைனாதீவு என்றும் எழுதுகிறார்கள். ஒரே தாளில் இரண்டு விதமாக வந்தால் படிப்பவர் வேறு வேறு இடங்கள் என்று எண்ணக்கூடும். ஒன்றைத் தெரிந்தெடுத்து முழுவதும் அப்படியே எழுதுங்கள்.

நம் பெயர்களுக்கு இலக்கண விதி உதவாது. முஹம்மது, முகம்மது, முஹம்மத் எல்லாம் ஒரே அறபுப் பெயர்தான். பாத்திமா, பாதிமா என்பதும் அப்படியே. அறபு உச்சரிப்புக்கு எது நெருக்கம் என்று இங்கே ஆராய வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுத வேண்டும். தந்தை பெயருக்கும் அதே விதிதான். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையுமே ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தால் சுயவிபரக் கோவையில் அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைப்பது வழக்கம். சில இடங்களில் அது போதாது, சான்றிதழையே திருத்தி வரச் சொல்வார்கள். ஆகையால் வேலை விளம்பரம் வருமுன்பே இதைக் கவனிப்பது நல்லது.

காலம்

நம் சகோதரி 2021இல் விட்டுவந்த வேலையைக் "கற்பிக்கிறேன்" என்றும், இன்றும் செய்கிற வேலையைப் "பணியாற்றினார்" என்றும் எழுதியிருக்கிறார். படிப்பவருக்கு எது முடிந்தது, எது நடக்கிறது என்று விளங்காது. அத்துடன் "நான்" என்று தொடங்கியது நடுவில் "இவர்" ஆகிவிட்டது. மற்றவருடைய கோவையைப் பார்த்து எழுதும்போது இப்படி நேர்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது இலகு. ஒவ்வொரு வரியிலும் முடிவுத் திகதியை விரலால் தொட்டு, பிறகு வினைச்சொல்லைத் தொடுங்கள். முடிவுத் திகதி இருந்தால் "கற்பித்தேன்". "இன்றுவரை" என்று இருந்தால் "கற்பித்து வருகிறேன்". பரீட்சை இனித்தான் என்றால் "எழுதவுள்ளேன்". இந்த மூன்றைத் தவிர வேறு வடிவம் தேவையில்லை.

திகதி

2.3.2019 என்றால் மார்ச் 2 என்று நாம் படிப்போம். அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். அப்படிப் பழகியவர் பெப்ரவரி 3 என்று படிப்பார். மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை: 2019 மார்ச் 2. ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள்.

பிறந்த திகதியைச் சரிபார்க்க உங்கள் அடையாள அட்டை இலக்கமே போதும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருப்பார்கள். நம் சகோதரி 04/05/1995 என்று எழுதியிருந்தார். மே 4 ஆனால் ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, அத்துடன் 4, மொத்தம் 125. ஐந்நூறு கூட்டினால் 625. ஆக இலக்கம் 95625 என்று தொடங்க வேண்டும். ஏப்ரல் 5 ஆக இருந்தால் 96, ஐந்நூறு கூட்டி 596. இலக்கம் 95596 என்று தொடங்கும். எந்த ஆண்டானாலும் இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு 29 நாள் என்பதை மறவாதீர்கள். 12 இலக்கமுள்ள புதிய இலக்கத்தில் ஆண்டு நான்கு இலக்கமாக முதலில் வரும். அடுத்த மூன்று இலக்கத்துக்கும் கணக்கு அதேதான்.

மாதப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் ஆவணி என்று ஆகஸ்ட் மாதத்தைச் சொல்வதுண்டு. பஞ்சாங்கப்படி ஆவணி பிறப்பதோ ஆகஸ்ட் நடுப்பகுதியில். ஆகவே கோவையில் ஆகஸ்ட் என்றே எழுதுங்கள்.

அரபுக் கல்லூரிச் சான்றிதழில் ஹிஜ்ரித் திகதி மட்டும் இருந்தால் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டி ஆங்கில ஆண்டைக் கண்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 11 நாள் குறைவானது. ஹிஜ்ரி 1440 என்பது 2018 செப்டெம்பரில் தொடங்கி 2019 ஆகஸ்டில் முடிந்தது. அந்த ஆண்டின் ஷஃபானில் பட்டம் பெற்றவர் 2019 என்று எழுத வேண்டும். அதே ஆண்டு முஹர்ரமில் பெற்றவருக்கு 2018. மாதத்தைப் பார்த்தே ஆண்டைத் தீர்மானியுங்கள். கோவையில் "2019 ஏப்ரல், ஹிஜ்ரி 1440 ஷஃபான்" என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் சான்றிதழோடு ஒப்பிடுபவருக்குச் சந்தேகம் வராது.

இப்போது சகோதரியின் வரிகளைத் திருத்துவோம்:

"2019 மார்ச் 2 முதல் 2021 மே 31 வரை முன்பள்ளியில் கற்பித்தேன். 2020 டிசம்பரில் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சியை முடித்தேன். 2021 ஆகஸ்ட் முதல் இன்றுவரை குர்ஆன் மத்ரஸாவில் கற்பித்து வருகிறேன்."

பயிற்சி முடிந்த மாதம் முன்பு இல்லை. அதையும் சான்றிதழைப் பார்த்துச் சேர்த்துவிட்டார். மே மாதத்துக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் இரண்டு மாதம் வேலையில்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. கேட்டால் காரணம் சொல்லலாம்.

தட்டச்சுச் செய்யக் கொடுத்த தாள் கையில் வந்ததும் கடையிலேயே நின்று பாருங்கள். முதலில் பெயர்களை மட்டும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் முறை திகதிகளை மட்டும், மூன்றாம் முறை வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். மூன்றையும் ஒரே வாசிப்பில் பார்த்தால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு உரக்க வாசிக்க, நீங்கள் கோவையைப் பார்ப்பது இன்னும் நல்லது. அதன்பிறகு வள்ளம் ஏறுங்கள்.