வெள்ளைத் தாளுக்கு விளிம்பு தரும் நிழல்

ஈரோட்டுப் பக்கம் ஒருவர் புதிதாக மரச்செக்கு எண்ணெய் நிறுவனம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லோகோ தயார். விசிட்டிங் கார்டு, லெட்டர்பேடு, கவர் மூன்றையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் டிசைனர் அவருக்கு ஒரு படம் அனுப்புகிறார். வெளிர்சாம்பல் மேசைமேல் மூன்றும் கிடக்கின்றன. ஓரங்களில் மெல்லிய நிழல். ஆனால் அவை இன்னும் அச்சாகவே இல்லை. அச்சானால் எப்படி இருக்கும் என்று காட்டும் இந்தப் படத்துக்குத்தான் மாக்கப் என்று பெயர். பார்த்ததும் ‘அப்படியே அடிச்சிடுங்க’ என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்கு முன் அந்தப் படத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் இது ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபோட்டோஷாப் கோப்பு. அதில் கார்டு, தாள், கவர் ஒவ்வொன்றும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்ற தனி அடுக்காக இருக்கும். அந்த அடுக்கை இரண்டு முறை சொடுக்கினால் உள்ளே இன்னொரு கோப்பு திறக்கும். அதில் நம் வடிவமைப்பை வைத்து Ctrl+S கொடுத்தால் மேசைமேல் கிடக்கும் தாளில் அது வந்து உட்கார்ந்துவிடும். நிழல்கள் வேறு அடுக்குகளில் இருப்பதால் அவை மாறாது.

லெட்டர்பேடு பெரும்பாலும் வெள்ளைதான். மேசையும் சுத்த வெள்ளையாக இருந்தால் தாள் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. மேசையை வெளிர்சாம்பலாக்குவதும் நிழல் போடுவதும் இதற்காகத்தான். நல்ல மாக்கப்பில் நிழல் இரண்டு படிகளாக இருக்கும். தாள் மேசையைத் தொடும் விளிம்பை ஒட்டி ஒடுங்கிய, சற்று அடர்ந்த கோடு ஒன்று. அதற்கு வெளியே அகலமாகப் பரவி, எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரையும் மங்கல் இன்னொன்று. முதலாவது இல்லாவிட்டால் தாள் அந்தரத்தில் மிதக்கும். இரண்டாவது இல்லாவிட்டால் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். ஜன்னல்வழி வரும் பகல் வெளிச்சம்போல ஒளி அகலமான இடத்திலிருந்து வந்தால்தான் நிழலின் ஓரம் இப்படி மிருதுவாகும். மேசை மரநிறமாக இருந்தால் கறுப்புக்குப் பதிலாக அடர்பழுப்பை எடுத்து, அடுக்கை Multiply முறையில் வைப்பார்கள். அப்போதுதான் நிழலுக்குள்ளும் மரத்தின் ரேகை தெரியும்.

தடிமனும் நிழலில் தெரிய வேண்டும். 350 ஜிஎஸ்எம் கார்டு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம். 100 ஜிஎஸ்எம் தாள் அதில் நாலில் ஒரு பங்குதான். தாளின் நிழலும் கார்டின் நிழலும் ஒரே அகலத்தில் இருந்தால், அல்லது ஒன்றின் நிழல் வலப்பக்கமும் மற்றதன் நிழல் இடப்பக்கமும் விழுந்தால், படம் அவசரத்தில் செய்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அளவு தவறாக இருக்கலாம். கையிருப்பு மாக்கப்புகளில் பல அமெரிக்க அளவில் செய்யப்பட்டவை. அங்கே லெட்டர்பேடு 216 × 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாளோ 210 × 297. நம் வடிவமைப்பை அதற்குள் இழுத்துப் பொருத்தினால் 20 மில்லிமீட்டர் வட்ட லோகோ, அகலம் 20.6, உயரம் 18.8 என்று சப்பையாகிவிடும். எண்ணெய்க்காரரின் லோகோ செக்கை மேலிருந்து பார்த்த வட்டம் என்றால், திரையில் ஒரு அடிக்கோலை வைத்து இதை உடனே கண்டுபிடிக்கலாம். மேலிருந்து நேராகப் பார்க்கும் படமானால் இன்னொன்றையும் அளக்கலாம். இங்கே வழக்கமான 89 மில்லிமீட்டர் கார்டு, ஏ4 தாளின் அகலத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தெரிய வேண்டும். அதைவிடப் பெரிதாகக் காட்டியிருந்தால் கார்டின் பொடி எழுத்து படத்தில் பளிச்சென்று தெரியும். கையில் வாங்கிப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். நான் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான், ஏனென்றால் அச்சாகி வரும்வரை யாரும் கவனிப்பதில்லை.

தாளின் அடிப்பகுதியையும் பாருங்கள். மாக்கப்பில் அங்கே ஒரே வரியில் மாதிரி முகவரி அழகாக நிற்கும். தொழில் கம்பெனியாகப் பதிவானது என்றால், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்து கொண்ட சிஐஎன் எண், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கடிதத்தாளில் அச்சாக வேண்டும். இவற்றையெல்லாம் போட்ட பிறகு எடுத்த மாக்கப்பைக் கேளுங்கள். ஒரு வரி மூன்று வரியாகும்போது இடம் போதுமா என்பது அதில்தான் தெரியும்.

சம்மதம் சொல்லும் முன் லெட்டர்பேடை வீட்டு பிரிண்டரில் நூறு சதவீத அளவில் ஒரு ஏ4 தாளில் எடுத்து, மூன்றாக மடித்து, 220 × 110 மில்லிமீட்டர் டிஎல் கவருக்குள் நுழைத்துப் பாருங்கள். மடிப்பு எந்த வரிமேல் விழுகிறது என்று தெரிந்துவிடும். அச்சகத்துக்கு மாக்கப் படம் போகக் கூடாது. அதை அனுப்பினால் மேசையும் நிழலும் சேர்ந்தே அச்சாகும். மூன்றுக்கும் தனித்தனியாக, நிழல் இல்லாத பிடிஎஃப் போக வேண்டும். கார்டில் நிறம் விளிம்புவரை ஓடுகிறது என்றால், வெட்டும்போது வெள்ளைக் கோடு விழாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறதா என்று டிசைனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.