‘வரில்ல’ என்றால் ‘வரலை’ இல்லை

ரேடியேட்டர் ஒழுகும் காரோடு பாலக்காட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றேன். காலை 10 மணி. மெக்கானிக் எங்கே என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன். “சேட்டன் இன்னு வரில்ல” என்றான். ‘அண்ணன் இன்னைக்கு இன்னும் வரலை’ என்று என் காதில் விழுந்தது. எப்படியும் வந்துவிடுவார் என்று 3 மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பையன் சொன்னது வேறு: ‘அண்ணன் இன்றைக்கு வரமாட்டார்.’ வரவில்லை என்பதுதான் அவன் சொல்ல நினைத்தது என்றால் ‘வந்நில்ல’ என்றிருப்பான்.

தமிழ் தெரிந்தவர்கள் மலையாளத்தில் தடுமாறுவது பெரும்பாலும் சொற்களால் அல்ல, காலத்தால். அன்று முதல் ஒரு நோட்டில் அன்றாட வாக்கியங்களைத் தமிழோடு சேர்த்து எழுதிப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க நடந்து முடிந்த செயல்கள்.

ஞான் சாய குடிச்சு — நான் டீ குடித்தேன்.
சேட்டன் அரி வாங்ஙி — அண்ணன் அரிசி வாங்கினார்.
அவள் ஒரு சினிம கண்டு — அவள் ஒரு சினிமா பார்த்தாள்.
அச்சன் வந்நு — அப்பா வந்தார்.
பஸ் போயி — பஸ் போய்விட்டது.

இடப்பக்கத்தை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். குடிச்சு, வாங்ஙி, கண்டு, வந்நு, போயி. இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். குடித்து, வாங்கி, கண்டு, வந்து, போய் என்று நாம் சொல்லும் வினையெச்சங்கள் இவை. தமிழில் ‘அரிசி வாங்கி’ என்று நிறுத்தினால், வாங்கி என்ன செய்தார் என்று கேட்பவர் காத்திருப்பார். மலையாளத்தில் வாக்கியம் அதோடு முடிந்துவிட்டது. அரிசி வீட்டுக்கு வந்தாயிற்று.

ஆக, மலையாளத்தின் இறந்தகாலத்தைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழ் வினையெச்சத்தை எடுத்துக்கொண்டு ஒலியைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ‘ந்து’ என்பது ‘ந்நு’ ஆகும். நாக்கு பல்லைத் தொட்டு மூக்கால் வரும் ஒலி. இருந்து என்பது இருந்நு. ‘ங்க’ அதேபோல் மூக்குக்குள் போய் ‘ங்ங’ ஆகும். படித்து, சிரித்து போன்றவை படிச்சு, சிரிச்சு ஆகும். நம் பேச்சிலும் அப்படித்தானே சொல்கிறோம். கொடுத்து, எடுத்து, கேட்டு, ஓடி, பாடி ஆகியவை அப்படியே நிற்கும்.

இன்னொரு முறை படித்தால் வேறொன்றும் கண்ணில் படும். நானும் வந்நு, நீயும் வந்நு, அவனும் வந்நு, அவர்களும் வந்நு. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார்கள் என்று ஆளைக் காட்டும் விகுதி மலையாள வினையில் இல்லை. ஏ. ஆர். ராஜராஜவர்மா 1896இல் வெளியிட்ட ‘கேரள பாணினீயம்’ மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்துக்காட்டும் ஆறு மாற்றங்களைச் சொல்கிறது. இந்த விகுதி உதிர்ந்தது அவற்றில் ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் புருஷபேத நிராசம். மேலே பார்த்த ந்நு, ங்ங ஒலிகளும் அந்த ஆறில் அடங்கும்.

விகுதி இல்லாததால் மரியாதையும் வினையில் தெரியாது. ‘அச்சன் நாளெ வரும்’ என்று ஒரு மலையாளி சொன்னால், அப்பாவை அஃறிணையில் சொல்கிறாரே என்று நமக்குச் சுருக்கென்று இருக்கும். அவர் சொல்வது ‘அப்பா நாளைக்கு வருவார்’ என்பதுதான். எதிர்காலத்துக்கு எல்லோருக்கும் ‘உம்’ ஒன்றே: ஞான் வரும், நீ வரும், அச்சன் வரும். தினமும் செய்வதற்கும் இதே உருவம் பயன்படும். ‘ஞான் திவசவும் சாய குடிக்கும்’ என்றால் நான் தினமும் டீ குடிப்பேன். தமிழிலும் பழக்கத்தைச் சொல்ல எதிர்கால உருவத்தைத்தானே எடுக்கிறோம்.

நிகழ்காலத்துக்கு ‘உந்நு’. ‘குட்டி உறங்ஙுந்நு’ என்றால் குழந்தை தூங்குகிறது. இங்கே மட்டும் தமிழ்ச் சொல்லை நம்பிவிடாதீர்கள். ‘குட்டி தூங்ஙி’ என்றால் குழந்தை தொங்கியது என்று கேட்பவர் பதறிப்போவார். மேலே சொன்ன வழி வினையின் உருவத்தைத்தான் தரும், பொருளுக்குப் பொறுப்பேற்காது. அழுது என்பதற்கு அங்கே கரஞ்ஞு. சாப்பிட்டு என்பதற்குக் கழிச்சு. சொல்லி என்பதற்குப் பறஞ்ஞு. இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து வினைகளைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, என்னை ஐந்து மணி நேரம் உட்காரவைத்த இடத்துக்கு வருகிறேன். தமிழில் ‘வரலை’ என்ற சொல்லுக்குக் காலமே கிடையாது. நேத்து வரலை, இப்ப வரலை, நாளைக்கு நான் வரலை என்று மூன்றுக்கும் அதைச் சொல்கிறோம். காலத்தைக் காட்டுவது பக்கத்தில் நிற்கும் நேத்தும் நாளைக்கும்தான். மலையாளம் ஆளைக் காட்டும் விகுதியை விட்டுவிட்டது. எதிர்மறையில் காலத்தை மட்டும் விடவில்லை.

அவர் வந்நில்ல — அவர் வரவில்லை. (வந்திருக்க வேண்டும், இன்னும் காணோம்.)
அவர் வருந்நில்ல — அவர் இப்போது வரவில்லை.
அவர் வரில்ல — அவர் வரமாட்டார்.

‘இல்ல’வுக்கு முன்னால் இருப்பதைக் கவனித்தால் எந்தக் காலம் என்று பிடித்துவிடலாம். முழு இறந்தகால வினை இருந்தால் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. ‘உந்நு’ இருந்தால் இப்போது இல்லை. வெறும் வேர் மட்டும் ஒட்டியிருந்தால் இனியும் நடக்காது. பையன் சொன்ன ‘இன்னு’ என்பதும் என் காலை வாரியது. அது நம் ‘இன்னும்’ இல்லை, ‘இன்று’.

இப்போது மேலே இருப்பதைக் கையால் மறைத்துக்கொண்டு, இவற்றுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் ந்துவும் ந்நுவும் ஒன்றாகவே தோன்றும். எழுதினால்தான் பிழை தெரியும்.

1. ‘சேச்சி கத்து எழுதி.’ அக்கா கடிதத்தை எழுதி முடித்தாரா, இல்லையா?
2. ‘அவன் நடந்தான்’ என்பதை மலையாளத்தில் சொல்லுங்கள்.
3. ‘நாங்கள் பஸ்ஸில் போனோம்.’ நாங்கள் என்பது ஞங்ஙள். மீதியை நிரப்புங்கள்.
4. பூட்டிய கடை முன்னால் நிற்கிறீர்கள். பக்கத்துக் கடைக்காரர் ‘கட துறந்நில்ல’ என்கிறார். காத்திருப்பதில் பயன் உண்டா? ‘துறக்கில்ல’ என்றிருந்தால்?
5. ‘அம்ம சோறு கழிக்கும்’, ‘அம்ம சோறு கழிச்சு.’ அம்மாவுக்கு இன்னும் சோறு போட வேண்டியது எதில்?

விடைகள்: 1. முடித்துவிட்டார், ‘எழுதி’ அங்கே முற்று. 2. அவன் நடந்நு. 3. ஞங்ஙள் பஸ்ஸில் போயி. 4. துறந்நில்ல என்றால் இன்னும் திறக்கவில்லை, நிற்கலாம். துறக்கில்ல என்றால் திறக்கமாட்டார்கள், கிளம்பிவிடுங்கள். 5. கழிக்கும் என்பதில், இனிமேல்தான் சாப்பிடுவார்.

நான்காவதில் தடுமாறியிருந்தால் எதிர்மறை வாக்கியங்கள் மூன்றையும் ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு புது வினை போட்டு எழுதிப் பாருங்கள்: குடிச்சில்ல, குடிக்குந்நில்ல, குடிக்கில்ல, கண்டில்ல, காணுந்நில்ல, காணில்ல. எனக்குக் காது பழகியது அப்படித்தான்.