சம்பளம் 10ஆம் திகதி, தவணை 5ஆம் திகதி: வங்கிக்கு எழுதும் கடிதத்தைத் திருத்துவது எப்படி?



கடன் கட்ட வசதி இருந்தும் மாதா மாதம் தண்டம் கட்டுகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். காரணம் பணம் இல்லாதது அல்ல. தவணை விழுகிற திகதிக்கும் சம்பளம் வருகிற திகதிக்கும் இடையில் ஐந்தாறு நாள் இடைவெளி இருப்பதுதான். தவணைத் திகதியை மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்காவிட்டால் கடிதம் வேறு அர்த்தத்தில் போய்விடும். இது விஷயமாக என்னிடம் வந்த ஒரு கடிதத்தை வைத்தே இதை விளக்குகிறேன்.

நம் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி வீடு திருத்துவதற்காக வங்கியில் 300,000 ரூபா கடன் எடுத்தார். வட்டி வருடத்துக்கு நூற்றுக்குப் 15. மூன்று வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். மாதத் தவணை 10,400 ரூபா. கடன் கைக்குக் கிடைத்தது ஒரு 5ஆம் திகதி என்பதால் தவணையும் ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி என்று வங்கியில் போட்டுவிட்டார்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து அன்றைக்கே பணம் எடுக்க நிலையான கட்டளையும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தோட்டச் சம்பளம் கணக்கில் விழுவதோ 10ஆம் திகதி அளவில். 5ஆம் திகதி கணக்கில் காசு இருக்காது. ஒவ்வொரு தடவையும் 750 ரூபா தாமதக் கட்டணம் ஏறியது. ஆறு மாதத்தில் 4,500 ரூபா வீணாகப் போய்விட்டது.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் வந்தது. கடனுக்குப் பிணை நின்றவர் அதே லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் இருப்பவர். அவருக்கும் வங்கியிலிருந்து கடிதம் போய்விட்டது. “உன்னால எனக்கு வங்கியில கெட்ட பேரு” என்று அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் தம்பி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, இதக் கொஞ்சம் பார்த்துத் திருத்தித் தாங்க” என்றார்.

அவர் எழுதியிருந்தது இதுதான்:

“பெருமதிப்புக்குரிய முகாமையாளர் ஐயா அவர்களுக்கு, நான் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவன். எனக்குச் சம்பளம் எப்பவும் லேட்டாகத்தான் வருகிறது. அதனால் தவணை கட்ட முடியாமல் இருக்கிறேன். தயவுசெய்து பெரிய மனசு பண்ணி எனக்குக் கொஞ்ச நாள் தள்ளித் தரவும். வட்டியையும் குறைத்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.”

படித்தால் மனம் இரங்கும். ஆனால் வங்கி உத்தியோகத்தர் இதை எப்படி வாசிப்பார் என்று பாருங்கள்.

“தவணை கட்ட முடியாமல் இருக்கிறேன்” என்றால் வங்கிக்கு அதன் அர்த்தம், இவரிடம் வருமானம் இல்லை என்பது. அப்படியானவருக்கு வங்கி செய்வது கடனை மறுசீரமைப்பது. தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி, புதிய ஒப்பந்தம் எழுதுவார்கள். மொத்த வட்டி கூடும். அந்த விவரம் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் இடம்பெறலாம். கிறிப் என்று நாம் சொல்வது அதைத்தான். 1990ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த பணியகம் அது. பிள்ளையின் படிப்புக்கோ ஓட்டோ லீசிங்குக்கோ நாளை வேறு வங்கிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். தம்பிக்கு வேண்டியது இது அல்ல. அவரால் 10,400 ரூபாவும் கட்ட முடியும். திகதிதான் பொருந்தவில்லை. உண்மையிலேயே வருமானம் குறைந்து போனவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அது வேறு கடிதம்.

“சம்பளம் எப்பவும் லேட்டாகத்தான் வருகிறது” என்பதும் சரியில்லை. நான் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் சம்பளம் விழுந்த நாட்கள் 10, 9, 10, 12, 10, 11. இது தாமதம் அல்ல, ஒழுங்கு. “லேட்” என்று எழுதினால் நம்பிக்கை இல்லாத வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். “ஒவ்வொரு மாதமும் 9ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் வரவு வைக்கப்படுகிறது” என்று எழுதினால் அதே விஷயம் நமக்குச் சாதகமாகிறது.

“கொஞ்ச நாள் தள்ளித் தரவும்” என்பதில் இந்த மாதம் மட்டுமா, கடன் முடியும் வரைக்குமா, எத்தனையாம் திகதிக்கு என்று ஒன்றும் இல்லை. வங்கியில் ஒரு தடவை மட்டும் ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டு, கோரிக்கை முடிந்தது என்று கோவையை மூடிவிடலாம். திகதியைச் சொல்லி, நிரந்தரமாக என்றும் சொல்ல வேண்டும்.

வட்டி குறைப்பது தனிக் கோரிக்கை. அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் லேசாக முடிகிற காரியமும் சேர்ந்து தாமதமாகும். அந்த வரியை எடுத்துவிட்டோம்.

இனி எந்தத் திகதியைக் கேட்பது? தம்பி 10ஆம் திகதி என்றார். நான் வேண்டாம் என்றேன். சம்பளம் ஒரு மாதம் 12ஆம் திகதி விழுந்திருக்கிறது. போயா தினமோ ஞாயிற்றுக்கிழமையோ குறுக்கே வந்தால் பிந்தும். ஆறு மாதத்தில் மிகவும் பிந்திய நாளை எடுத்து, அதற்கு மேல் இரண்டு மூன்று நாள் விட்டுக் கேளுங்கள். அப்படிப் பார்த்தால் 15ஆம் திகதி. அதைவிடப் பிந்திக் கேட்பதும் நல்லதல்ல. சம்பளக் காசு கையில் இருந்தால் கடைக் கணக்குக்கும் கலியாணத்துக்கும் போய்விடும், தவணைக்கு மிஞ்சாது.

திகதியை மாற்றினால் ஒரு செலவு உண்டு. அதையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். எட்டுத் தவணை கட்டிய பிறகு தம்பியின் முதல் பாக்கி சுமார் 244,000 ரூபா. நூற்றுக்குப் 15 வீதம் ஒரு வருட வட்டி 36,600. அதை 365ஆல் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 100 ரூபா. 5ஆம் திகதியிலிருந்து 15ஆம் திகதிக்குப் போக 10 நாள். ஆகவே மேலதிக வட்டி சுமார் 1,000 ரூபா. இது ஒரு தடவை மட்டும். மாதம் 750 ரூபா தண்டத்தோடு ஒத்துப் பார்த்தால் இரண்டு மாதத்துக்குள் லாபம் தெரியும். கடிதத்திலேயே இந்த வட்டியைக் கட்டச் சம்மதம் என்று எழுதிவிட்டால் உத்தியோகத்தருக்கு மறுப்பதற்குக் காரணம் குறையும்.

திருத்தி எழுதிய கடிதம் இது:

“முகாமையாளர் அவர்கட்கு,

கடன் கணக்கு இல: ........ தவணைத் திகதியை மாற்றுதல்

மேற்படி கடனின் மாதத் தவணை ரூபா 10,400 ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி அறவிடப்படுகிறது. எனது சம்பளம் தங்கள் கிளையிலுள்ள ........ இலக்கச் சேமிப்புக் கணக்கிற்கு ஒவ்வொரு மாதமும் 9ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் வரவு வைக்கப்படுகிறது.

ஆகவே தவணைத் திகதியை 15ஆம் திகதியாக, கடன் முடியும் வரை நிரந்தரமாக மாற்றித் தரும்படியும், நிலையான கட்டளையின் திகதியையும் அவ்வாறே மாற்றும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தவணைத் தொகையிலோ வட்டி வீதத்திலோ மாற்றம் கேட்கவில்லை.

இடைப்பட்ட 10 நாட்களுக்கான வட்டியைச் செலுத்தச் சம்மதிக்கிறேன். அத்தொகை எவ்வளவு, எந்தத் தவணையுடன் சேர்க்கப்படும் என்பதையும், புதிய திகதி எந்த மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதையும் எழுத்தில் அறியத் தரவும்.

இன்று வரை நிலுவை எதுவும் இல்லை. தோட்டக் காரியாலயத்தின் சம்பள உறுதிக் கடிதமும் பாஸ் புத்தகப் பிரதியும் இணைத்துள்ளேன்.”

கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், திகதி. இவ்வளவுதான்.

“நிலுவை எதுவும் இல்லை” என்ற வரியைப் பொய்யாக எழுத முடியாது. அதனால் தம்பி அந்த மாதத் தவணையையும் தாமதக் கட்டணத்தையும் 11ஆம் திகதி கட்டி முடித்து, மறுநாள்தான் கடிதத்தைக் கொடுத்தார். பாக்கி இருக்கும்போது கேட்டால் தண்டத்துக்குப் பயந்து கேட்கிறார் என்றே தோன்றும். சம்பள உறுதிக் கடிதத்தைக் காரியாலயத்தில் பெரிய கிளாக்கரிடம் கேட்டால் துரையின் கையெழுத்தும் முத்திரையும் வைத்து வாங்கித் தருவார். அதில் சம்பளத் தொகையை மட்டும் போடாமல் சம்பளம் அனுப்பும் திகதியையும் போடச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதியில் வங்கியின் பெற்றுக்கொண்ட முத்திரையையும் திகதியையும் போட்டு வாங்குங்கள்.

இரண்டு வாரத்தில் சம்மதக் கடிதம் வந்தது. அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். ஆனால் அடுத்த மாதம் 5ஆம் திகதி பழையபடி பணம் எடுக்கப் பார்த்துவிட்டு, காசு இல்லையென்று ஒரு கட்டணமும் போட்டிருந்தார்கள். கடன் கணக்கில் திகதி மாறியிருந்தது, நிலையான கட்டளையில் மாறவில்லை. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. பிரதியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியவுடன் அந்தக் கட்டணத்தைத் திருப்பிப் போட்டார்கள். பிரதி இல்லாவிட்டால் வாய்ப்பேச்சுத்தான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே எழுத்தில் பதில் வரும் வரை பழைய திகதிக்கே கட்டிக்கொண்டிருங்கள். கவுண்டரில் “சரி, பார்க்கிறோம்” என்று சொன்னதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். புதிய திகதியின் முதல் மாதம் பாஸ் புத்தகத்தைப் பதிந்து பாருங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலரிடம் கடன் அட்டையும் இருக்கிறது. அதற்கு இதே கடிதம் சரிவராது. அட்டையில் கூற்று தயாரிக்கும் திகதியிலிருந்து இத்தனை நாள் என்று கணக்குப் பண்ணித்தான் கட்டும் திகதி வருகிறது. ஆகவே “கூற்றுத் திகதியை மாற்றித் தரவும், கட்டும் திகதி 15ஆம் திகதியளவில் வரவேண்டும்” என்று எழுத வேண்டும். நாம் கேட்கும் நாளே கிடைக்கும் என்றில்லை. வங்கி வைத்திருக்கும் சில நாட்களில் ஒன்றைத்தான் தருவார்கள். மாறுகிற மாதத்தில் கூற்று நீண்டோ குறுகியோ வரும். அந்த மாதம் தொகை கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் கட்டாமல் விடவும் வேண்டாம்.

வங்கி முடியாது என்று சொல்லவும் உரிமை உண்டு. அப்போது காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடிதத்துக்குப் பதிலே வராமல் இழுத்தடித்தால் முதலில் அந்த வங்கியின் தலைமைக் காரியாலய முறைப்பாட்டுப் பிரிவுக்கும், அதிலும் சரிவராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் எழுதலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935.

அது வரைக்கும் கைவழி ஒன்று உண்டு. ஒரு மாதச் சம்பளத்தில் தவணைக் காசை மட்டும் எடுக்காமல் கணக்கிலேயே விட்டுவிட்டால், அடுத்த 5ஆம் திகதி தவணைக்கு அது அங்கேயே இருக்கும். தொடங்குகிற மாதம் ஒன்றில் மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பக்கத்துக் காம்பிராக்காரருக்கும் சம்மதக் கடிதத்தின் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். பிணை நின்றவருக்குத் தெரிய வேண்டியது நியாயந்தானே. கொடுத்த அன்றைக்கே அவர் பேசிவிட்டார் என்று தம்பி வந்து சொன்னார்.

கடிதம் எழுதக் கஷ்டமாக இருப்பவர்கள் பாஸ் புத்தகத்தையும் கடன் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். சேர்ந்து எழுதலாம்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்